ஊக்கைக் கடித்துக்கொண்டு கேட்ட வரவேற்புரை

பாலர் பாடசாலைத் தலைமை ஆசிரியைக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் எல்லாப் பெற்றோரும் ஒன்றாகக் கையில் அகப்படுவார்கள். அன்றைக்குப் பார்த்துக் காதை வீட்டில் வைத்துவிட்டு, கண்ணையும் போனையும் மட்டும் கொண்டு வருவார்கள்.

என் பாடசாலை கெலிஓயாவில் இருக்கிறது. நான் பிறந்தது தெல்தோட்டைப் பக்கம். கண்டியில் முன்பள்ளிப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தவள், அப்படியே இங்கே ஒட்டிக்கொண்டேன். எங்கள் பிள்ளைகளின் ஆண்டு விழாவைக் கண்டி நகரில் ஒரு மண்டபம் எடுத்து நடத்துவோம். வரவேற்புரை என்னுடையது. வரவேற்புரை என்றால் "வாங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கும் வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை வந்து என் இடத்தில் நின்று பார்க்கட்டும்.

அந்த மைக்கின் முன்னால் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம்: மேடையில் அழும் பிள்ளையை ஏசாதீர்கள். அழுகை ஒவ்வொரு வருடமும் நடக்கும். ஆனால் போன வருடம் லக்ஷிகாவுக்கு நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. கீழ் வகுப்புப் பிள்ளை, மழைத்துளி வேஷம். லைட்டைப் போட்டதும் எதிரே அப்பாவின் முகம் தெரிந்தது. அவர் கையை ஆட்டி "லக்ஷி!" என்று கூப்பிட்டார். அவ்வளவுதான், வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் மேடையில் ஏறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். படிக்கட்டிலேயே, "இத்தன பேருக்கு முன்னால என் மானத்த வாங்கிட்டியே" என்று ஏசினார். அதற்குப் பிறகு லக்ஷிகா பாடசாலையில் பாட்டு வட்டத்துக்குக்கூட வருவதில்லை. பாட்டுப் போட்டதும் பையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள்.

இந்த வருடம் அவள் மேல் வகுப்பு. அடுத்த வருடம் முதலாம் ஆண்டுக்குப் போய்விடுவாள். எங்களிடம் அவளுக்கு இதுதான் கடைசி மேடை. எனக்கு அவளுடைய அப்பாவின் காது வேண்டும். ஆனால் ஒரு வரவேற்புரைக்குள் ஒரு காதைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று, என்னோடு சேர்ந்து மேடையில் மாட்டிக்கொண்ட டீச்சர்மாரே, உங்களுக்குத் தெரியும்.

பெயர்கள்

நிகழ்ச்சிநிரலில் வரவேற்புரைக்கு ஐந்து நிமிடம் என்று அச்சடிப்போம். அதில் முக்கால்வாசி பெயர்களுக்கே போய்விடும். முதலில் சமயப் பெரியார்கள். அவர்களுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. பிறகு பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதிகள், பக்கத்துப் பாடசாலை அதிபர்கள், பெற்றோர் சங்கம். இவ்வளவு பேரையும் கூப்பிட்டு முடித்த பிறகுதான் "அன்பான பெற்றோர்களே" என்ற இடத்துக்கு வந்து சேர முடியும். இதற்குள் மேடைக்குக் கீழேயிருந்து துண்டுக் காகிதம் வந்துகொண்டே இருக்கும். இன்னார் இப்போதுதான் வந்தார், அவரையும் சொல்லுங்கள் என்று. ஏற்கனவே சொன்னவருக்குப் பிறகு சொன்னால் வந்தவர் முகம் சுருங்கும். முன்னால் செருகினால் மற்றவர் கதிரையில் நெளிவார்.

ஒரு வருடம், பிள்ளைகளுக்கு இனிப்புப் பெட்டி அன்பளிப்புச் செய்த கடைக்காரர் ஒருவரை மூன்று அடைமொழி போட்டு வரவேற்றேன். மனுஷன் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். எனக்குத் திருப்தி. பெயர்கள் முடிந்து பெற்றோரிடம் வந்தபோது, திரைக்குப் பின்னால் இருந்து "முடிங்க டீச்சர், பிள்ளைகளுக்கு பாத்ரூம் போகணும்" என்று குரல். என் விஷயத்தைச் சொல்லாமலே இறங்கினேன். கீழே அந்தக் கடைக்காரர் எனக்காகக் காத்திருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், என் பேர மட்டும் சொல்லிட்டீங்க, பக்கத்துல இருந்த எங்க வீட்டுக்காரி பேர விட்டுட்டீங்க. இன்னைக்கு ராத்திரி நான் எங்க போய் சாப்பிடுறது?"

பேராதனையில் நின்ற கார்

இன்னொரு வருடம் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பிரதம அதிதியின் கார் பேராதனை வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டது. விளக்கேற்ற ஆளில்லை. பெற்றோர் சங்கத் தலைவர் சிவநேசன் ஐயா வியர்த்துப்போய் ஓடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கி உத்தியோகத்தர், எதையும் நேரத்துக்குச் செய்பவர். "டீச்சர், வரவேற்புரையை இப்பவே தொடங்குங்கோ. ஆள் வருமட்டும் இழுங்கோ" என்றார். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தலைமை ஆசிரியைக்கு யார் சொல்வார்கள்?

நிதானமாகப் பேசினேன். கண்டியிலிருந்து வந்த சிங்களப் பெற்றோருக்காக ஒவ்வொரு பந்தியையும் சிங்களத்திலும் சொன்னேன். பிள்ளை மூன்றரை வயதில் எழுத்து எழுதவில்லை என்று கவலைப்பட வேண்டாம், முதலில் மண்ணில் விளையாடட்டும், கத்தரிக்கோல் பிடிக்கட்டும், விரலுக்குப் பலம் வரட்டும் என்றேன். மண்டபம் அமைதியாகக் கேட்டது. அப்படியே என் விஷயத்துக்கு வந்தேன். "பெற்றோர்களே, இன்று மேடையில் உங்கள் பிள்ளை அழுதால்" என்று வாயெடுத்தேன். வாசலில் கண்டி மேளம் இடித்தது. பிரதம அதிதி வந்துவிட்டார்! எல்லோரும் எழுந்தார்கள், கதிரைகள் கிரீச்சிட்டன, வெற்றிலை ஏந்திய சின்னப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பிள்ளை அழுதால் என்ன செய்ய வேண்டும் என்பது கண்டி மேளத்துக்குள் போய்விட்டது. விழா முடிந்ததும் மனவருத்தத்தோடு சிவநேசன் ஐயாவிடம் அதைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "ஓம் டீச்சர், நீங்கள் கதைச்சுக்கொண்டு நிக்கேக்க அடிச்சது பிழைதான். ஆனா ஆள் வந்திட்டார்தானே, இனி உங்கட கதை என்னத்துக்கு?"

சொன்னேன், யார் கேட்டார்கள்?

போன வருடம் ஒரு முடிவோடு போனேன். பெயர்களை அறிவிப்பாளர் தலையில் கட்டிவிட்டேன். மேடை ஏறியதும் நேராக விஷயத்துக்கு வந்தேன். "பிள்ளை அழுதால் கூப்பிடாதீர்கள், கை ஆட்டாதீர்கள், மேடைக்கு ஏறாதீர்கள், வீட்டில் ஏசாதீர்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாகச் சொன்னேன். மைக்கும் அன்றைக்கு நல்ல பிள்ளையாக வேலை செய்தது. வென்றுவிட்டேன் என்று இறங்கினேன். அடுத்த நிகழ்ச்சிதான் மழைத்துளி நடனம். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் இப்படியா? அடுத்த வாரம் லக்ஷிகாவின் அம்மா வந்தபோது கேட்டேவிட்டேன். அவர் விழித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரவேற்புரைக்கு அடுத்து சின்னப் பிள்ளைகளின் நடனம். முன்கூட்டியே உடுப்புப் போட்டால் வியர்த்து மேக்கப் கரையும், பாத்ரூம் போகக் கழற்ற வேண்டிவரும், கிரீடம் நசுங்கும். அதனால் நான் பேசுகிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் அம்மாமார் எல்லோரும் உள்ளே ஒப்பனை அறையில் பிள்ளைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருப்பார்கள். நான் இத்தனை வருடமும் அம்மாமார் இல்லாத மண்டபத்தைப் பார்த்து "தாய்மார்களே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பாமார் முன்வரிசையில்தான் இருந்தார்கள். "அப்போ லக்ஷிகாட அப்பா கேட்டிருப்பாரே?" என்றேன். அம்மா கொஞ்சம் தயங்கினார்: "அவரு அந்நேரம் போன்ல எடம் இல்லேன்னு பழைய வீடியோ எல்லாம் அழிச்சிக்கிட்டு இருந்தாருங்க டீச்சர்."

உடுப்புக்கு அளவு

இந்த வருடம் உடுப்புத் தைக்க அளவு கொடுக்கப் பெற்றோரை வரச் சொன்னோம். லக்ஷிகாவுக்காக அவளுடைய அப்பா முரளி வந்தார். கெலிஓயா டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர் முழுக்க நடக்கிற ரகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "டீச்சர், இந்த வருஷம் அவள விட்ருங்க. மேடை வேணாம்" என்றார். ஏன் என்றேன். "திரும்ப அழுவா. போன தடவ எடுத்த வீடியோவ சொந்தக்காரங்க இன்னும் பாத்துப் பாத்து சிரிக்கிறாங்க. எனக்கும் கேவலம், அவளுக்கும் கேவலம்." சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளை மீது இருந்த கோபம் இல்லை அது, பயம்.

லக்ஷிகா மூலையில் பையோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு வட்டத்தில் மற்றப் பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சி நடனம் பழகிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. ஆனால் பையின் மேல் இருந்த அவளுடைய விரல்கள் ஒவ்வொரு அசைவையும் சரியாகச் செய்துகொண்டிருந்தன. அதைக் கண்ணால் காட்டினேன். முரளி பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "அளவ மட்டும் எடுத்து வைப்போம் தம்பி. அன்னைக்கு நான் பேசி முடிச்ச பிறகு நீங்க வேணாம்னு சொன்னா, நான் ஏத்த மாட்டேன்" என்றேன். அவர் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றார்: "நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் எந்த விழாவுல டீச்சர் யாரு கேட்டுக்கிட்டு இருக்காங்க?"

பேச்சு உள்ளே போனது

அந்த மனுஷன் சொன்னது உண்மைதான், அதனால்தான் எனக்குத் தூக்கம் போனது. கடிதம் அனுப்பலாம் என்றால், அது பிள்ளையின் பைக்குள் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் கசங்கிக் கிடக்கும். பேச்சைக் கடைசியில் வைத்தால் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஓடுவார்கள். நடனத்துக்குப் பிறகு வைத்தால் அழ வேண்டிய பிள்ளை அழுது முடித்திருக்கும். என்னோடு படிப்பிக்கும் ரிஸானா டீச்சரிடம் சொல்லிப் புலம்பினேன். ரிஸானா கம்பளைப் பக்கம், எதையும் சுற்றி வளைக்காமல் சொல்வார். "உம்மாமார் உள்ளுக்கு ஈக்கிறாங்கெண்டா, நீங்களும் உள்ளுக்குப் போய் பேசுங்களேன் டீச்சர்" என்றார். பகிடிக்குச் சொன்னாரோ என்னவோ, நான் பிடித்துக்கொண்டேன்.

விழா அன்று தேசிய கீதம், விளக்கேற்றல், இறைவணக்கம் எல்லாம் முறைப்படி முடிந்தன. வயர் இல்லாத மைக்கை எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். அதிதிகளை மரியாதையாக வரவேற்றேன். பிறகு, "பெற்றோரில் பாதிப் பேர் இங்கே இல்லை. அவர்களையும் வரவேற்க வேண்டும் அல்லவா? நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, பேசிக்கொண்டே பக்கக் கதவால் ஒப்பனை அறைக்குள் நடந்தேன். கதவை மூடினால் மைக்கின் சத்தம் அறுந்துவிடும் என்று சவுண்ட் தம்பி சொல்லியிருந்தார், அதனால் ரிஸானா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையில் ஆளில்லை, குரல் மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்கிறது. படம் எடுக்க எதுவும் இல்லாததால் அப்பாமார் முதன்முறையாகப் போனை மடியில் வைத்தார்களாம். பிரதம அதிதி நான் எங்கே என்று கதிரைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாராம். இதெல்லாம் பிறகு சிவநேசன் ஐயா சொன்னது.

உள்ளே அம்மாமார் ஊக்கை உதட்டில் கடித்துக்கொண்டு சிலைபோல் நின்றார்கள். வாய் திறக்க முடியாத பெற்றோர்! இதைவிட நல்ல சபை எனக்கு இனிக் கிடைக்காது. "உங்களையும் வரவேற்கிறேன்" என்று தொடங்கினேன். லைட் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது பிள்ளைக்கு இருட்டில் இருக்கும் கூட்டம் தெரியாது, தெரிந்த ஒரு முகம் மட்டும் தெரியும், அது கை ஆட்டினால் அங்கே ஓடிவர வேண்டும் என்றுதான் அழுகை வரும் என்றேன். மேடைக்குக் கீழே நடுவில் ரிஸானா டீச்சர் உட்கார்ந்து அசைவு காட்டுவார், பிள்ளைகள் அவரைத்தான் பார்க்கப் பழகியிருக்கிறார்கள், அந்தப் பார்வையை நீங்கள் பிடுங்கிக்கொள்ளாதீர்கள் என்றேன். கடைசியாக இத்தனை வருடமும் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "அழுகிற பிள்ளை தோற்ற பிள்ளை இல்லை. இந்த வயதில், அவ்வளவு பேருக்கு முன்னால் போய் நிற்பதே பெரிய காரியம். அழட்டும். அழுதாலும் அது நம் பிள்ளைதான். வீட்டுக்குப் போய் யாரும் ஏச வேண்டாம், கட்டிப்பிடியுங்கள்." அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது, அதுவும் மைக்கில் போய்விட்டது. யாரோ ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். வண்ணத்துப்பூச்சி இறக்கையோடு லக்ஷிகா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "பெரிய டீச்சர், அழலாமா?" என்று கேட்டாள். "அழலாம் செல்லம். ஆனா கைய ஆட்டிக்கிட்டே அழணும்" என்றேன். கதவைப் பிடித்துக்கொண்டிருந்த ரிஸானா தலையில் கை வைத்தார்: "டீச்சர், நீங்க அழலாமெண்டு செல்லிட்டீங்க, இப்ப அந்த மூலையில ஒரு கூட்டமே அழ ரெடியாகி ஈக்கி!"

வண்ணத்துப்பூச்சிகள்

மண்டபத்துக்கு வந்ததும் நான் தேடியது முரளியை. முன்வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்தார். நான் புருவத்தை உயர்த்திக் கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

பாட்டுத் தொடங்கியது. வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக வந்தன. ஒன்று வந்த பாதையிலேயே திரும்பிப் போனது, ஒன்று இறக்கையைக் கழற்றிப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்தது. லக்ஷிகா தன் இடத்துக்கு வந்து நின்றாள். உதடு பிதுங்கியது. அழ ஆரம்பித்தாள். சத்தமாகத்தான். முரளி கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவர் கை தானாக உயர்ந்தது, நடுவழியில் நின்றது. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேடையில் லக்ஷிகா அழுதுகொண்டே இரண்டு கையையும் விரித்தாள். அழுதுகொண்டே சுற்றினாள். அழுதுகொண்டே குனிந்து பூவில் தேன் குடித்தாள். ரிஸானாவை விட்டு அவள் கண் நகரவே இல்லை. எல்லாப் பிள்ளைகளிலும் ஒரு அசைவுகூடத் தவறாமல் ஆடியது அவள்தான். முடிவில் மூக்கைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கும்பிட்டாள். மண்டபம் எழுந்து கைதட்டியது.

நான் படிக்கட்டடிக்கு ஓடினேன், என்ன ஏச்சு விழப்போகிறதோ என்று. முரளி எனக்கு முன்பே அங்கே வந்து நின்றார். பிள்ளை இறங்கி வந்ததும் இறக்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். இறக்கை ஒன்று முறிந்தே போனது. அவர் கன்னமும் நனைந்திருந்தது, அது யாருடைய கண்ணீர் என்று நான் கேட்கவில்லை. என்னைக் கண்டதும் பெருமை தாங்காமல் சொன்னார்: "பாத்தீங்களா டீச்சர், அழுதுகிட்டே எல்லா ஸ்டெப்பும் போட்டா! எனக்கெல்லாம் சிரிச்சுகிட்டுக்கூட அத ஆட ஏலாது."

வரவேற்புரை எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. வந்தவர்கள் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் எங்களுக்குத் தலைமை ஆசிரியை என்று பெயர்.